மீதமுள்ள லீவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவது எப்படி? டிசம்பருக்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் டைம் ஆபீஸ் ஜன்னலில் கூட்டம் சேரும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மீதி லீவு என்ன ஆகும்? இந்தப் பக்கம் முக்கியமாகத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கானது. ஆபீஸ் ஸ்டாஃப், அரசு ஊழியர்களின் கேள்விகளும் நடுவில் வருகின்றன. அவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பை நெடுங்காலம் தந்தது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 79-வது பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் இருப்பது, 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டத்தின் 32-வது பிரிவு. கீழே 'பழைய சட்டம்', 'புதிய சட்டம்' என்று சொல்வது இவற்றைத்தான். இ.எல். என்றால் ஈட்டிய விடுப்பு.

எனக்கு 35 நாள் இ.எல். நிக்குது. டிசம்பர் 31 தாண்டினா லேப்ஸ் ஆயிடுமா?

முழுவதும் லேப்ஸ் ஆகாது. 30 நாள் வரை அடுத்த ஆண்டுக் கணக்கில் தானாகச் சேர வேண்டும். பழைய சட்டத்திலும் இந்த 30 உண்டு, புதிய சட்டத்திலும் உண்டு. தொழிற்சாலை இதைவிட அதிகமாகத் தரலாம். 45, 60 என்று ஒப்பந்தத்தில் வாங்கி வைத்திருக்கும் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் 30-க்குக் கீழே குறைக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் கிடையாது. "எங்கள் கம்பெனியில் 15 நாள்தான் கேரி ஃபார்வர்டு" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தால், தொழிலாளிகளைப் பொறுத்தவரை அந்த நோட்டீஸ் செல்லாது.

சிக்கல் எல்லாம் மேலே நிற்கும் அந்த 5 நாளில்தான். பழைய சட்டத்தின் கீழ் பல கம்பெனிகளில் அது சத்தமில்லாமல் அழிந்துபோகும். புதிய சட்டம் அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, 30-க்கு மேல் உள்ளதைக் காசாக்கிக்கொள்ளலாம். இரண்டு, அந்த லீவைக் கேட்டு, நிர்வாகம் தர மறுத்திருந்தால், மறுத்த நாட்களுக்கு 30 என்ற வரம்பே கிடையாது. இந்த இரண்டாவது வழி பழைய சட்டத்திலேயே இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

கேரி ஃபார்வர்டு பண்ணச் சொல்லி தனியா லெட்டர் கொடுக்கணுமா?

30 நாளுக்குள் இருந்தால் சட்டப்படி எந்த லெட்டரும் வேண்டாம். ஆனாலும் சில கம்பெனிகள் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு படிவம் கொடுத்து, எத்தனை நாள் கொண்டுபோகிறீர்கள், எத்தனை நாளுக்குக் காசு வேண்டும் என்று எழுதச் சொல்வார்கள். கொடுத்தால் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக 30 நாளைப் பிடித்துவைக்க முடியாது, அவ்வளவுதான்.

பலர் இடறும் இடம் வேறு. 30-க்கு மேல் இருப்பவர்கள், "என் மீதி லீவு 35 நாளையும் அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு லெட்டர் எழுதுகிறார்கள். அது வேண்டுகோள். நிர்வாகம் மனம் வைத்தால் தரும், இல்லாவிட்டால் இல்லை. சட்டம் உரிமை கொடுப்பது இப்படிக் கேட்டவருக்கு அல்ல. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எனக்கு லீவு வேண்டும்" என்று கேட்டு, கிடைக்காமல் போனவருக்குத்தான். ஆக, வரம்புக்கு மேல் இருப்பவர் எழுத வேண்டியது கேரி ஃபார்வர்டு லெட்டர் அல்ல, லீவு லெட்டர்.

புரியலையே. லீவு கேட்டு மறுத்தா எப்படிக் கணக்குப் போடுவாங்க?

ஒரு கணக்கைப் பார்ப்போம். கோவைப் பக்கம் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒரு லேத் ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி 1 அன்று அவர் கணக்கில் 26 நாள் இ.எல். இருந்தது. அந்த ஆண்டு அவர் வேலை செய்தது 280 நாள். 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 14 நாள் சேர்கிறது, மொத்தம் 40. ஆடியில் ஊர்த் திருவிழாவுக்கு 5 நாள் எடுத்துவிட்டார். மீதி 35.

அவர் எதுவும் செய்யாமல் இருந்தால், 30 நாள் அடுத்த ஆண்டுக்குப் போகும். 5 நாள் வரம்புக்கு வெளியே நிற்கும். புதிய சட்டப்படி அதற்குக் காசு கேட்கலாம், லீவாகக் கேட்க முடியாது.

இப்போது அவர் நவம்பர் 23 திங்கட்கிழமை ஒரு லீவு லெட்டர் கொடுக்கிறார். டிசம்பர் 14 முதல் 22 வரை லீவு வேண்டும். நடுவில் 20-ம் தேதி ஞாயிறு. வார விடுமுறை லீவுக் கணக்கில் வராது, ஆகவே கேட்டது 8 நாள். நவம்பர் 27 அன்று மேனேஜர், "டிசம்பரில் ஏற்றுமதி ஆர்டர் உள்ளது, விடுப்பு வழங்க இயலாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். அந்த நொடியில் கணக்கு மாறிவிடுகிறது. 35-ல் இந்த 8 நாள் தனி, அதற்கு வரம்பு இல்லை. மிச்சம் 27, அது 30-க்குள் அடங்கிவிடுகிறது. ஆக 35 நாளும் 2027-க்குப் போகும்.

லீவு கிடைத்திருந்தால்? 8 நாள் வீட்டில் இருந்திருப்பார், 27 நாள் கொண்டுபோயிருப்பார். இரண்டில் எது நடந்தாலும் ஒரு நாள்கூட வீணாகாது.

இன்னொருவருக்கு 45 நாள் இருந்து, அவரும் 8 நாள் கேட்டு மறுக்கப்பட்டால்: 8 தனி, மிச்சம் 37. அதில் 30 போகும், 7 வெளியே. மறுத்தது எத்தனை நாளோ அத்தனைக்குத்தான் பாதுகாப்பு. ஒரு மறுப்பு மொத்த பேலன்ஸையும் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. நிறைய நாள் தேங்கியிருந்தால் கேட்கும் லீவும் அதற்கேற்ப நீளமாக இருக்க வேண்டும், நவம்பரிலேயே தொடங்க வேண்டும்.

டிசம்பர் 28-ம் தேதி லெட்டர் கொடுத்தா செல்லுமா?

செல்லும் என்று நம்பி இருக்காதீர்கள். பழைய சட்டம், லீவு தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவை என்றால் 30 நாள். ஒரு ஆண்டில் மூன்று தடவைக்கு மேல் இ.எல். பிரித்து எடுக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. புதிய சட்டத்தின் 32-வது பிரிவில் இந்த இரண்டும் இல்லை. ஆனால் பெரும்பாலான தொழிற்சாலைகளின் வேலை விதிகளான நிலையாணைகளிலும் லீவுப் படிவங்களிலும் அந்த 15 நாள் அப்படியே நிற்கிறது. மேனேஜரும் அதைத்தான் காட்டுவார்.

28-ம் தேதி கொடுத்தால் அதை மறுக்க அவர் ஆர்டரைக் காரணம் சொல்ல வேண்டியதே இல்லை, "தாமதமான விண்ணப்பம்" என்று எழுதினால் போதும். அப்புறம் அது உண்மையான மறுப்பா, உங்கள் தவறா என்ற வாதத்தில் ஆறு மாதம் போய்விடும். மேலே சொன்ன லேத் ஆபரேட்டர் 14-ம் தேதி லீவுக்கு 23-ம் தேதியே கொடுத்தார் அல்லவா, கடைசி நாளுக்கு இன்னும் ஆறு நாள் கையில் இருந்தது. அந்த அளவு இடைவெளி விடுங்கள். என் அபிப்பிராயத்தில் நவம்பர் மூன்றாவது வாரம்தான் சரியான நேரம்: ஆண்டு முடிய எத்தனை நாள் மிஞ்சும் என்று அதற்குள் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

சூப்பர்வைசர் லெட்டரை வாங்கவே மாட்டேங்கறார். "இப்ப எல்லாம் முடியாதுப்பா, போ"ங்கறார். அது மறுப்பு இல்லையா?

உங்களுக்கும் அவருக்கும் அது மறுப்புதான். ஜனவரியில் ரிஜிஸ்டரைப் பார்ப்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. ரிஜிஸ்டரில் விண்ணப்பமும் இருக்காது, மறுப்பும் இருக்காது, "தொழிலாளி லீவு கேட்கவில்லை" என்றே தெரியும். வரம்புக்கு மேல் போன லீவுகளில் பெரும்பகுதி இப்படித்தான் கரைகிறது.

வாயால் சொன்னதைக் காகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். லெட்டரை இரண்டு பிரதி எடுத்து டைம் ஆபீஸில் கொடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். அங்கேயும் வாங்க மறுத்தால் தொழிற்சாலை முகவரிக்கு, மேனேஜர் பதவியின் பெயருக்கு, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மின்னஞ்சல் வழக்கத்தில் உள்ள இடம் என்றால் மின்னஞ்சல் போதும். செயலியில் லீவு போடும் கம்பெனி என்றால், போட்டவுடன் வரும் திரையையும், 'ரிஜெக்டட்' என்று வந்த திரையையும் படம் எடுத்து வையுங்கள். ஜனவரியில் புது ஆண்டுக் கணக்கைத் திறந்ததும் பழைய ஆண்டின் விண்ணப்பங்களை மறைத்துவிடும் செயலிகள் உண்டு.

1946-ம் ஆண்டு மத்திய நிலையாணை விதிகளோடு வந்த மாதிரி நிலையாணை இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. லீவை மறுத்தாலோ தள்ளிவைத்தாலோ அதையும் அதன் காரணத்தையும் ஒரு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், தொழிலாளி கேட்டால் அந்தப் பதிவின் நகலைத் தர வேண்டும் என்கிறது. பல தொழிற்சாலைகளின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள் அதைப் பார்த்து எழுதப்பட்டவை. உங்கள் நிலையாணையில் லீவு பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். அந்த வரி இருந்தால், நகல் கேட்பதற்கு யாரிடமும் தயவு வேண்டியதில்லை.

லெட்டரில் என்ன எழுதணும்? மாதிரி ஒண்ணு தாங்க.

நீளமாக வேண்டாம். தேதி, எத்தனை நாள், எந்த லீவு, இப்போதைய பேலன்ஸ், இவை நான்கும் இருக்க வேண்டும். காரணம் ஒரு வரி போதும்.

> பெறுநர்: மேலாளர் அவர்கள்
> தேதி: 23.11.2026
>
> ஐயா,
> நான் மெஷின் ஷாப் பிரிவில் லேத் ஆபரேட்டராகப் பணிபுரிகிறேன். என் டோக்கன் எண் ____. இன்றைய தேதியில் என் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பு ____ நாட்கள். குடும்பக் காரியமாக 14.12.2026 முதல் 22.12.2026 வரை, 20.12.2026 ஞாயிறு நீங்கலாக, 8 நாட்கள் ஈட்டிய விடுப்பு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
> மேற்படி நாட்களில் விடுப்பு வழங்க இயலாதெனில், காரணத்துடன் எழுத்து மூலம் தெரிவித்து, மறுக்கப்பட்ட நாட்களை அடுத்த ஆண்டுக் கணக்கில் தனியாகக் குறித்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்ததும் எச்.ஆர். பக்கம் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. அதே சமயம் "லீவு தராவிட்டால் பரவாயில்லை, கேரி ஃபார்வர்டு செய்தால் போதும்" என்று எழுதிவிடாதீர்கள். லீவே வேண்டாம் என்று நீங்களே சொன்னதாக அதைப் படிக்கலாம். கேட்கும் லீவு கிடைத்தால் நிஜமாகவே எடுத்துக்கொள்ளக் கூடிய தேதியாகவும் இருக்கட்டும். மறுப்பார் என்று நம்பி ஒரு தேதியைப் போட்டு, அவர் "சரி, போய்ட்டு வா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் லீவில் போகத்தான் வேண்டும்.

மேனேஜர் மறுக்கலை. "ஜனவரியில எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டார். அது கணக்கில் வருமா?

வர வேண்டும். கேட்ட ஆண்டில், கேட்ட தேதியில் கொடுக்கவில்லை என்பதால் தள்ளிவைப்பதும் அந்த ஆண்டைப் பொறுத்தவரை தராததுதான். ஆனால் லெட்டரில் அவர் என்ன எழுதுகிறார் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். "ஜனவரிக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதினால் நல்லது. ஒன்றும் எழுதாமல் "பார்க்கலாம்" என்று லெட்டரை மேஜை டிராயரில் போட்டுவிட்டால், டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நினைவூட்டல் கொடுங்கள்: இன்ன தேதியில் கொடுத்த விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை, லீவு உண்டா இல்லையா. பாதி நாள் கொடுத்துப் பாதியை மறுத்தால், மறுத்த பாதி மட்டும் தனிக் கணக்கு.

மேல நிக்கற லீவைக் காசா வாங்கிக்கறது நல்லதா, லீவா வெச்சுக்கறது நல்லதா?

முதலில் உரிமை என்ன என்று பார்ப்போம். வேலையில் இருக்கும்போதே லீவைக் காசாக்கும் உரிமையைப் பழைய சட்டம் தரவில்லை, கம்பெனி வழக்கமோ ஒப்பந்தமோதான் அதைத் தந்தது. புதிய சட்டம் இரண்டு விதமாகச் சொல்கிறது. ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் லீவைக் காசாக்கலாம். மொத்த லீவு 30-ஐத் தாண்டினால் தாண்டியதைக் காசாக்கலாம். முதலாவதில் 'கேட்டால்' என்பது முக்கியம். தானாக வரும் என்று காத்திருக்காமல் டிசம்பரில் எழுதிக் கொடுங்கள்.

இனி எது லாபம் என்ற கேள்வி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 15,600 ரூபாய், 26 நாளால் வகுத்துக் கணக்குப் போடும் கம்பெனி என்றால் ஒரு நாள் 600 ரூபாய். 5 நாளுக்கு 3,000. அதே 5 நாளைக் கேட்டு மறுக்கப்பட்ட லீவாக வைத்திருந்து, அடுத்த ஆண்டு சம்பள ஒப்பந்தம் போட்டு நாள் சம்பளம் 700 ஆன பிறகு எடுத்தால், அதன் மதிப்பு 3,500. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும் தொழிற்சாலையில் லீவாக வைத்திருப்பதே கெட்டிக்காரத்தனம். ஒப்பந்தம் இப்போதுதான் போட்டு முடிந்தது, சம்பளம் இன்னும் மூன்று வருஷத்துக்கு அவ்வளவாக நகராது என்றால் காசாக வாங்குவதில் தப்பில்லை.

எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பதை மட்டும் பாருங்கள். பஞ்சப்படியை விட்டுவிட்டு வெறும் அடிப்படைச் சம்பளத்தில் போடுவது அடிக்கடி நடக்கிற தில்லுமுல்லு. லீவுச் சம்பளத்தில் பஞ்சப்படி சேர வேண்டும். ஓவர்டைமும் போனஸும்தான் சேராது.

சி.எல்., சிக் லீவு இதெல்லாமும் சேர்த்துக் கொண்டுபோகலாமா?

பொதுவாக முடியாது. சி.எல். டிசம்பர் 31-ஓடு போச்சு. சிக் லீவைச் சேர்த்துவைக்க விடும் கம்பெனிகள் சில உண்டு, அது அவர்கள் பாலிசி. ஆண்டு முடிவில் ஒரு நாள் இரண்டு நாள் வேலை வந்தால் முதலில் சி.எல்.-ஐத் தீர்த்துவிட்டு இ.எல்.-ஐத் தொடுங்கள்.

நான் தொழிற்சாலை இல்லை சார், சென்னையில ஆபீஸ் வேலை. எனக்கும் 30 நாள்தானா?

அது நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை தருகிறது, அதை 24 நாள் வரை சேர்த்துவைக்கலாம். பெங்களூருவிலும் மும்பையிலும் இதே வேலை செய்யும் நண்பர் "எங்களுக்கு 45" என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கடைகள் சட்டத்தின் வரம்பு அது.

மேனேஜர் பதவியில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர்களும் புதிய சட்டத்தின் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள். அவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் எச்.ஆர். பாலிசியும்தான் சட்டம். கேரி ஃபார்வர்டு லெட்டர் என்பதற்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். பாலிசியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை நாள் கொண்டுபோகலாம், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கொண்டுபோனதை எப்போதுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. "மார்ச் 31-க்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி" என்று எழுதியிருக்கும், ஏப்ரலில் லீவு போடும்போதுதான் தெரியும். லீவு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, அங்கே இந்தத் தேதிகள் எல்லாம் மூன்று மாதம் தள்ளிப்போகும்.

வரம்புக்கு மேல் கேட்பதென்றால் காரணம் வேலை சார்ந்ததாக இருக்கட்டும். "புராஜெக்ட் கோ-லைவ் காரணமாக அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் லீவு எடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது, மின்னஞ்சல் இணைப்பில்" என்ற ஒரு வரி, "சொந்தக் காரணங்களால் எடுக்க இயலவில்லை" என்பதைவிட நன்றாக வேலை செய்யும். டீம் லீடரிடம் சொல்லி அவரையே எச்.ஆர்.-க்கு அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

அக்டோபர்ல இருந்து பிரசவ லீவுல இருக்கேன். 34 நாள் இ.எல். இருந்துச்சு. நான் எப்படிக் கேட்டு மறுப்பாங்க?

உங்கள் விஷயத்தில் மறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏற்கெனவே லீவில் இருக்கிறீர்கள். 30 நாள் போகும், மீதி 4 நாளைக் காசாக்கும்படி டிசம்பரில் ஒரு மின்னஞ்சலோ லெட்டரோ அனுப்பிவிடுங்கள். வீட்டிலிருந்து அனுப்பினால் போதும். இன்னொன்று: ஒரு ஆண்டில் 180 நாள் வேலை செய்திருந்தால்தான் அந்த ஆண்டுக்கு இ.எல். கிடைக்கும். அந்த 180-ஐ எண்ணும்போது 26 வாரம் வரையிலான பிரசவ விடுப்பு நாட்களும் வேலை நாளாகவே எண்ணப்படும், ஆனால் அந்த நாட்களுக்கு இ.எல். சேராது. எனவே தகுதி இல்லை என்று யாராவது சொன்னால் எண்ணிக்கையை மறுபடி போடச் சொல்லுங்கள்.

ஜனவரி பே ஸ்லிப்ல பேலன்ஸ் 30-ன்னுதான் வருது. மறுத்த 8 நாளைக் காணோம். என்ன பண்றது?

பெரும்பாலும் இது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. சம்பள மென்பொருளில் அதிகபட்சம் 30 என்று போட்டிருப்பார்கள், டிசம்பர் 31 இரவு அது எல்லோருடைய கணக்கையும் 30-ல் வெட்டிவிடும். மறுத்த லீவு என்று தனிக் கட்டம் இல்லாவிட்டால் யாராவது கையால் சேர்த்தால்தான் உண்டு. அதனால் ஜனவரி சம்பளம் வந்ததும் பே ஸ்லிப்பையும் லீவு கார்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு இப்படி வர வேண்டும்: போன ஆண்டு ஆரம்ப பேலன்ஸ், கூட்டல் சேர்ந்தது, கழித்தல் எடுத்தது. அதில் மறுத்ததைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியை 30-ஓடு ஒப்பிடுங்கள்.

குறைந்தால், சீல் போட்ட விண்ணப்ப நகலையும் மறுப்பையும் இணைத்து டைம் ஆபீஸுக்கு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் அந்த மட்டத்திலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் சங்கம், இல்லாவிட்டால் உங்கள் பகுதியின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகம். அங்கே போகும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த இரண்டு காகிதத்தைத்தான்.

அரசு வேலையில இருக்கறவங்களுக்கு இந்த விண்ணப்பம் உண்டா?

கிடையாது. ஜனவரி, ஜூலை என்று அரையாண்டுக்கு ஒருமுறை இ.எல். வரவு வைக்கப்படும், மீதி தானாகவே அடுத்த ஆண்டுக்குப் போகும். சேர்த்துவைக்கும் உச்ச வரம்பு தமிழ்நாடு அரசில் 240 நாள், மத்திய அரசில் 300 நாள். உச்சத்தை நெருங்குகிறவர்கள்தான் அரையாண்டு வரவு வைப்பதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நான் பிப்ரவரியில வேலையை விடலாம்னு இருக்கேன். அப்ப கேரி ஃபார்வர்டு பண்ணின லீவு என்ன ஆகும்?

காசாக வரும். வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும், ஓய்வு பெற்றாலும் கணக்கில் நிற்கும் இ.எல்.-க்கு உரிய சம்பளத்தைத் தர வேண்டும். புதிய சட்டப்படி விலகிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தர வேண்டும். இறந்துபோனால் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்குள். "ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாளில் வரும்" என்று எச்.ஆர். சொல்வது கம்பெனி வழக்கம். மறுத்த லீவு பேலன்ஸில் ஏறியிருக்கிறதா என்பதை ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள், வெளியே வந்த பிறகு லீவு கார்டைப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும்.

காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு ஒரு குறிப்பு. டிசம்பரோடு காண்ட்ராக்டர் மாறினால், பழையவரிடம் சேர்ந்த லீவு புதியவரிடம் போகாது. பழைய காண்ட்ராக்டர் அதைக் காசாகக் கணக்குத் தீர்க்க வேண்டும். புது காண்ட்ராக்டரின் அட்டையில் ஜனவரியில் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு அவரிடம் போய்க் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல லெட்டர் கொடுத்தா, யாருக்கு லீவு, யாருக்கு மறுப்பு?

அதை முடிவு செய்யத்தான் பழைய சட்டத்தில் லீவுத் திட்டம் என்று ஒன்று இருந்தது. வேலை தடைபடாமல் யார் எப்போது லீவில் போவது என்று நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் ஒத்துக்கொண்டு எழுதி, தலைமை ஆய்வாளரிடம் தாக்கல் செய்து, தொழிற்சாலையில் ஒட்டி வைப்பார்கள். ஓராண்டுக்குச் செல்லும். திட்டம் இருக்கும் இடத்தில் அதன்படிதான் மறுக்க முடியும். திட்டம் இல்லாத இடத்தில் முதலில் கொடுத்தவருக்கு முதலில் என்பதுதான் நடைமுறை. ஒரே மெஷினில் இரண்டு ஆபரேட்டர் என்றால் முன்கூட்டியே பேசி, அதிக நாள் தேங்கியிருப்பவர் முதலில் கேட்பது இருவருக்கும் நல்லது. குறைவாக இருப்பவரின் லீவு எப்படியும் 30-க்குள் போய்விடும்.